ஒருமையும் பன்மையும்

கல்லடிப் பாலத்தை அறிந்தவர்கள் அதன் கீழே பாடும் மீன்களைப் பற்றியும் கேள்விப்பட்டிருப்பார்கள். நிலாக் காலத்து இரவில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை வாவி நீருக்குள் விட்டு, மறு முனையிலே காதை வைத்தால் ஒரு மெல்லிய நாதம் கேட்கும். பாடுவது மீனா, சிப்பியா, பாறையிடுக்கில் புகுந்து வரும் நீரா என்று ஆளுக்கொரு விளக்கம் சொல்லுவார்கள். நாதம் உண்டு, அதற்கு உரியவர் யார் என்பது மட்டும் விளங்காது.

அந்தப் பாலத்தின்மேல் நின்று நான் சொன்ன ஒரு சொல்லுக்காக என் நண்பரிடம் மன்னிப்புக் கேட்டு எழுத உட்கார்ந்தபோது, என் பேனாவிலிருந்து முதலில் வந்த வாக்கியங்களும் அத்தகையனவாகவே இருந்தன. வருத்தம் இருந்தது; செய்தவன் யார் என்பது இல்லை. இதனை எனக்குக் காட்டித் தந்தது என் தாய்மொழியன்று. அரைகுறையாகக் கற்ற இரண்டாம் மொழியே காட்டித் தந்தது. அந்த அநுபவத்தை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

நண்பர் சிங்களவர். இளவயதிலே உத்தியோக நிமித்தம் மட்டக்களப்புக்கு வந்து, இங்கேயே தங்கிவிட்டவர். நாங்கள் இருவரும் ஒரே அலுவலகத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பணி செய்தோம். அவர் தமிழை நன்றாகப் பேசுவார். எழுத்துக் கூட்டி நிதானமாக வாசிப்பார். நான் சிங்களத்தைத் தடையின்றிப் பேசுவேன். எழுதினால் பிழைகள் மலியும். எங்களுக்குள் பேச்சு எப்பொழுதும் தமிழிலேதான்.

ஓய்வுபெற்ற பின்னர் எங்கள் நட்புக்கு ஒரு புதிய தொழிலும் சேர்ந்தது. 1956ஆம் ஆண்டில் சிங்களம் மட்டுமே அரசகரும மொழியாயிற்று. 1987ஆம் ஆண்டில் அரசியலமைப்புக்குச் செய்த 13ஆம் திருத்தம், தமிழும் அரசகரும மொழியாகும் என்று சேர்த்தது. சட்டம் அவ்வாறிருக்க, எனக்கு வரும் அரசாங்கக் கடிதங்களிற் சில இன்றும் சிங்களத்தில் மட்டுமே வருகின்றன. பேச்சுச் சிங்களம் தெரிந்தவனுக்கு அலுவலகச் சிங்களம் விளங்குவதில்லை. அவற்றையெல்லாம் நண்பர் வீட்டுக்குக் கொண்டு போய், ஆறுதலாக வாசித்து, அடுத்த சந்திப்பில் எனக்குப் பொருள் சொல்லுவார்.

அப்படி வந்த ஒரு கடிதமே சச்சரவுக்குக் காரணமாயிற்று. என் ஓய்வூதிய நிலுவை சம்பந்தமாகச் சில பத்திரங்களின் பிரதிகளைக் கேட்டு ஓர் அலுவலகம் எழுதியிருந்தது. அதை நான் நண்பரிடம் கொடுத்தேன். அந்த நாட்களில் அவருடைய மனைவி நோயுற்றிருந்தார். கடிதம் அவருடைய பையிலேயே ஒன்பது நாட்கள் கிடந்துவிட்டது. பத்தாம் நாள் சனிக்கிழமை மாலையில் பழைய பாலத்தில் சந்தித்தோம். 1924ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற அந்த இரும்புப் பாலத்துக்கு அருகிலேயே 2013ஆம் ஆண்டில் புதிய பாலம் வந்தது. பேருந்துகளும் பார வண்டிகளும் அந்தப் பக்கம் போய்விட, பழைய பாலம் எங்களைப் போன்ற முதியவர்களுக்கும் தூண்டில் போடுவோருக்கும் வசதியாயிற்று. நண்பரோடு, விடுமுறைக்கு வந்திருந்த பத்து வயதுப் பேரனும் வந்திருந்தான். பதில் அனுப்பவேண்டிய தவணை கடந்துவிட்டது என்று நண்பர் தயக்கத்தோடு சொன்னார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. வழக்கம்போலத் தமிழில் ஏசியிருக்கலாம். அவருடைய மொழியிற் சொன்னாலே நன்றாகத் தைக்கும் என்று என் உள்ளத்தில் ஏதோ ஒன்று கணக்குப் போட்டது. “ஒயாலா ஹெமதாம எஹெம தமா” என்றேன். ‘நீங்களெல்லாம் என்றைக்கும் இப்படித்தான்’ என்பது அதன் பொருள். நண்பர் ஒன்றும் பேசவில்லை. பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு புளியந்தீவுப் பக்கமாக நடந்துவிட்டார்.

சிங்களம் அறியாத வாசகருக்கு அந்தச் சொல்லைச் சற்று விளக்கவேண்டும். ‘ஒயா’ என்றால் எதிரில் நிற்கும் ஒருவர். ‘ஒயாலா’ என்றால் அவரும் அவரைச் சேர்ந்தோரும். ஓர் அசைதான் வேற்றுமை. தமிழில் ‘நீங்கள்’ என்பது பலரைக் குறிக்கும் பன்மையாகவும் வரும்; ஒருவரை மதித்துச் சொல்லும் சொல்லாகவும் வரும். ஆகவே தமிழில் ஏசியிருந்தால், “மரியாதையாகத்தானே சொன்னேன், உங்கள் இனத்தாரையா சொன்னேன்?” என்று தப்பிக்கொள்ள ஒரு வழி இருந்திருக்கும். சிங்களத்தில் அந்த வழி அடைபட்டிருந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக நான் அறிந்த ஒரு மனிதரை, அவருடைய பேரன் பார்த்திருக்க, ஓர் அசையினால் ஒரு கூட்டமாக்கிவிட்டேன். இந்த நாட்டில் அந்த அசை எத்தனை வீடுகளை எரித்திருக்கிறது என்பதை என் வயதுடையவர்களுக்கு எடுத்துச் சொல்லவேண்டியதில்லை.

மூன்று நாட்கள் கழித்து எழுத உட்கார்ந்தேன். தமிழிலேயே தொடங்கினேன். முதல் வாக்கியம் இவ்வாறு அமைந்தது: “அன்று என் சொற்களால் தங்கள் மனம் புண்பட்டிருக்குமாயின் மன்னித்தருள வேண்டுகிறேன்.” படித்துப் பார்த்தேன், அழகாகத்தான் இருந்தது. நாற்பது ஆண்டுகளாக அலுவலகத்தில் எழுதிப் பழகிய கை அல்லவா!

பிறகு ஒரு நினைவு வந்தது. குத்திய சொல் சிங்களச் சொல். அதற்குரிய மன்னிப்பைத் தமிழில் மட்டும் எழுதுவது, ஒரு தெருவில் தீ வைத்துவிட்டு மறு தெருவில் தண்ணீர் ஊற்றுவது போலாகும். அன்றியும், அந்தச் சொல்லைக் கேட்டவர் நண்பர் மட்டும் அல்லர். பேரனும் கேட்டான், அவனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. தமிழில் மட்டும் எழுதினால், பாட்டனார் அதை அவனுக்கு மொழிபெயர்த்துச் சொல்லவேண்டிவரும். குற்றம் செய்தவனின் மன்னிப்பைக் குற்றத்துக்கு ஆளானவரே சுமந்து போய்ச் சொல்லுவதா? ஆகவே ஒரே தாளில் இடப்புறம் தமிழிலும் வலப்புறம் சிங்களத்திலும் எழுதுவதென்று தீர்மானித்தேன்.

என் தமிழ் வாக்கியத்தைச் சிங்களமாக்க முயன்றபோதுதான் சங்கடம் தொடங்கியது. ‘மனம் புண்பட்டிருக்குமாயின்’ என்பதற்கு, “ஒயாகே ஹித ரிதுணா நம்” என்று எழுதினேன். ‘உங்கள் மனம் நொந்ததென்றால்’ என்று பொருள். தாய்மொழியிற் பணிவாகத் தோன்றிய அந்த வாக்கியம், அலங்காரம் களைந்த பேச்சுச் சிங்களத்தில் வேறுவிதமாக ஒலித்தது. நொந்ததா இல்லையா என்பது எனக்குத் தெரியாது, நொந்திருந்தால் பார்த்துக்கொள்ளும் என்று சொல்வது போலிருந்தது. நொந்தது எனக்குத் தெரியாதா? அவர் திரும்பி நடந்த நடையை நான் பார்த்தவன் அல்லவா? ‘நம்’ என்னும் அந்தச் சிறு சொல்லை அடித்தேன். அடித்ததும் தமிழ்ப் பக்கத்திலிருந்த ‘ஆயின்’ என்பதையும் அடிக்கவேண்டியதாயிற்று.

அடுத்தது வினைச்சொல். தமிழில் ‘புண்பட்டது’ என்றும் சொல்லலாம், ‘புண்படுத்தினேன்’ என்றும் சொல்லலாம். சிங்களத்திலும் இதே இணை உண்டு. ‘ரிதுணா’ என்றால் நொந்தது. ‘ரித்துவா’ என்றால் நோகச் செய்தது. சிங்களம் இந்தப் பிரிவைத் தமிழைவிட உறுதியாகப் பேணுகிறது. கை தவறிக் கோப்பை விழுந்து உடைந்தால், “மகே அத்தின் கோப்பய பிந்துணா” என்பார்கள். ‘என் கையால் கோப்பை உடைந்துவிட்டது’ என்று பொருள். வேண்டுமென்றே உடைத்தவன், “மம கோப்பய பிந்தா” என்று சொல்லவேண்டும். தவறி நேர்ந்ததற்கு ஒரு வினை. மனமறியச் செய்ததற்கு வேறொரு வினை.

நான் இரண்டாம் முறை எழுதிய வாக்கியம், “மகே அத்தின் வெறெத்தக் வுணா” என்பது. ‘என் கையால் ஒரு பிழை நேர்ந்துவிட்டது’ என்று பொருள். சிங்களவர்கள் நாள்தோறும் சொல்லுகிற நல்ல வாக்கியம்தான். ஆனால் அது கோப்பை தவறியவனுக்கு உரியது. நான் மொழியைத் தெரிந்தெடுத்து, சொல்லைத் தெரிந்தெடுத்து எறிந்தவன். எனக்குரிய வாக்கியம், “மம வெறெத்தக் களா” என்பதே. ‘நான் ஒரு பிழை செய்தேன்.’

அதிலும் ஒரு நுட்பம் உண்டு. தமிழ் வினைமுற்று, செய்தவனைத் தன் வாலிலேயே கட்டிக்கொண்டு வரும். ‘செய்தேன்’ என்றாலே நான் வந்துவிடுகிறேன். பேச்சுச் சிங்களத்தில் அப்படியன்று. செய்தவன் நானாயினும் நீயாயினும் அவனாயினும் ‘களா’ ஒன்றுதான். ‘மம’ என்ற சொல்லை விட்டுவிட்டால் வாக்கியத்திலிருந்து நானும் வெளியேறிவிடலாம். என் முதற் படியில் அந்தச் சொல் ஓரிடத்தில்தான் இருந்தது. கடைசிப் படியில் ஐந்து இடங்களில் வந்தது.

இவ்வாறு ஒரு பக்கத்தைத் திருத்த மறு பக்கமும் திருந்திக்கொண்டே போயிற்று. எங்கெங்கே தமிழ் வாக்கியம் சிங்களத்துக்குள் போக மறுத்ததோ, அங்கெல்லாம் நான் எதையோ ஒளித்து வைத்திருந்தேன். இரண்டு மொழியும் அறிந்த ஒருவர் இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தால், ஒத்துவராத இடமே உண்மையில்லாத இடம் என்பதை உடனே கண்டுகொள்வார்.

பல மொழியில் எழுதுவோர் எல்லாருக்கும் இந்தக் கவலை இருப்பதில்லை. கொழும்பு நூதனசாலையில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோவின் பயணத்தோடு தொடர்புடைய அந்தக் கல் 1409ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 1911ஆம் ஆண்டில் காலியிலே கண்டெடுக்கப்பட்டது. சீனம், தமிழ், பாரசீகம் என்னும் மூன்று மொழிகளில் அது பொறிக்கப்பட்டுள்ளது. சீனப் பகுதி புத்தபிரானைப் போற்றுகிறது. தமிழ்ப் பகுதி, தேவிநுவர என இன்று வழங்கும் தலத்துத் திருமாலைப் போற்றுகிறது. பாரசீகப் பகுதி இஸ்லாமியரின் இறைவனைப் போற்றுகிறது. காணிக்கைப் பட்டியல் மட்டும் மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கிறது. அது பேரரசனுக்குத் தகும். ஒவ்வொரு மொழியாரும் தத்தம் பகுதியை மட்டுமே வாசிப்பர் என்பது அவனுடைய நம்பிக்கை. என் நண்பரோ இரண்டு பக்கத்தையும் வாசிக்கக்கூடியவர்.

இதற்கிடையில் ஒரு செய்தி தெரியவந்தது. மேசையிலே கிடந்த கடிதவுறையை எடுத்துத் தபால் முத்திரையைப் பார்த்தேன். 3ஆம் திகதியிட்டு, 17ஆம் திகதிக்குள் பதில் அனுப்புமாறு எழுதப்பெற்ற கடிதம், 16ஆம் திகதியே தபாலிற் சேர்க்கப்பட்டிருந்தது. என் வீட்டுக்கு வந்தது 20ஆம் திகதி. நண்பருடைய பைக்குள் போகுமுன்னரே தவணை முடிந்துவிட்டது. அவர் அன்றைக்கே வாசித்துச் சொல்லியிருந்தாலும் பயனில்லை.

உடனே என் பேனா துள்ளியது. “தங்கள்மீது தவறில்லை என்பது இப்பொழுது தெரியவந்தமையால்...” என்று எழுதிவிட்டேன். நல்ல வேளையாக அதையும் சிங்களத்தில் எழுதிப் பார்த்தேன். ‘ஒயாகே வெறெத்தக் நெஹெ’, அதாவது ‘உங்களிடம் பிழையில்லை’, என்று தொடங்கியதும் கை நின்றது. பிழையில்லை என்பதனால் மன்னிப்புக் கேட்கிறேன் என்றால், பிழை இருந்திருந்தால் நான் சொன்னது சரி என்று ஆகிவிடுமே! அவர் ஒன்பது நாள் மறந்துபோனது உண்மை. அந்த மறதிக்காக நான் கோபித்திருக்கலாம். ‘ஒயா’ என்று தொடங்கி எவ்வளவும் ஏசியிருக்கலாம். ‘லா’ என்ற அசைக்கு மட்டும் எந்த முத்திரையும் நியாயம் சொல்லாது. ஆகவே தபால் முத்திரைச் செய்தியை, அவருக்குத் தெரியவேண்டிய செய்தி என்ற அளவில் தனியாக எழுதினேன். மன்னிப்பை அதன்மேல் நிறுத்தவில்லை.

எப்படி விளிப்பது என்பதிலும் தடுமாறினேன். எழுத்துச் சிங்களத்தின் மரியாதைச் சொல் ‘ஒப’ என்பது. அதைத்தான் முதலில் எழுதினேன். பிறகு பார்த்தால், எனக்கு வந்த அரசாங்கக் கடிதமும் என்னை ‘ஒப’ என்றே விளித்திருந்தது. அந்தச் சொல்லில் மரியாதை உண்டு; முகம் இல்லை. ஆகவே பேச்சு வழக்கிலுள்ள ‘ஒயா’ என்பதையே வைத்தேன். தமிழ்ப் பக்கத்தில் ‘தாங்கள்’ என்றிருந்ததை, எங்கள் வழக்கப்படி ‘நீங்கள்’ என்று மாற்றினேன்.

கடைசியாக, மன்னிப்பு என்ற சொல். சிங்களத்தில் ‘சமாவென்ன’ என்பார்கள். ‘சமாவ’ என்பது ‘க்ஷமா’ என்னும் வடசொல்லிலிருந்து வந்தது. அதற்குப் பொறுமை என்றும் பூமி என்றும் பொருளுண்டு. தமிழில் ‘பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்கிறோம். திருக்குறளின் 16ஆம் அதிகாரத்துக்குப் பொறையுடைமை என்று பெயர்; பொறை என்றால் பொறுமை, பாரம் என இரண்டும் ஆகும். எந்த மொழியிற் கேட்டாலும், மன்னிப்புக் கேட்பவன் மற்றவர் தலையில் ஒரு பாரத்தை ஏற்றுகிறான். ஆதலால் அந்தச் சொல்லை முதலில் வைக்காமல் கடைசியில் வைத்தேன். என் பக்கத்துப் பாரத்தை முழுவதும் நான் இறக்கி வைத்த பின்னர்தான் அதைக் கேட்பது முறை என்று தோன்றியது.

முடிவில் அமைந்த தமிழ்ப் பக்கம் இது:

“நண்பரே, சென்ற சனிக்கிழமை மாலை பழைய பாலத்தில், உங்கள் பேரன் கேட்டிருக்க, நான் உங்களை ‘ஒயாலா’ என்று ஏசினேன். வாய் தவறிச் சொல்லவில்லை. உங்களையும் உங்கள் இனத்தாரையும் ஒன்றாகக் கட்டி ஏசவேண்டுமென்றே சொன்னேன். உங்கள் மனத்தைப் புண்படுத்தினேன். நான் பிழை செய்தேன். கடிதம் எத்தனை நாள் பிந்தியிருந்தாலும் அது சொல்லத் தகாத சொல்லே.

“வேறொன்றையும் நீங்கள் அறியவேண்டும். தபால் முத்திரையைப் பார்த்தேன். கடிதம் என் கைக்கு வருமுன்னரே தவணை கடந்துவிட்டது.

“சிங்களப் பக்கத்தைப் பேரனிடம் வாசிக்கக் கொடுங்கள். அவன் கேட்டது தவறான சொல் என்பதை, சொன்னவனே சொல்லி அவன் அறியட்டும். என்னை மன்னியுங்கள் என்று கேட்கிறேன். அது உடனே இயலாதாயின், அதையும் நான் ஏற்றுக்கொள்ளவேண்டியவன்.”

எழுதி முடிக்க நான்கு மாலைப் பொழுதுகள் சென்றன. சிங்களப் பக்கத்தை யாரிடமாவது காட்டித் திருத்தி வாங்கலாம் என்ற ஆசை எழுந்தது. காட்டவில்லை. பிறர் திருத்திய மன்னிப்பு பாதி இரவலாகிவிடும். தாளை மடித்து எடுத்துக்கொண்டு பாலத்தைக் கடந்து போனேன். நண்பர் வீட்டில் இல்லை. கதவைத் திறந்த பேரனின் கையிற் கொடுத்துவிட்டுத் திரும்பினேன்.

பத்து நாட்கள் ஒரு பதிலும் இல்லை. பதினோராம் நாள் அவரே வந்தார். வாசலில் நின்றபடி, சட்டைப்பையிலிருந்து அதே தாளை எடுத்து நீட்டினார். சிங்களப் பக்கத்தில் ஓர் எழுத்தை மட்டும் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார். சிங்கள நெடுங்கணக்கில் லகரமும் ளகரமும் உண்டு. பேச்சில் இரண்டுக்கும் வேற்றுமை இல்லை. காதால் மட்டும் சிங்களம் கற்ற நான் ‘களா’ என்பதை லகரமிட்டு ‘கலா’ என்று எழுதியிருந்தேன். ளகரத்தோடு எழுதினால் ‘செய்தேன்’. லகரத்தோடு எழுதினால் ‘கலைகள்’.

“தமிழராகிய உங்களுக்கு ளகரம் சொல்லித்தர வேண்டியிருக்கிறதே!” என்றார், தமிழிலேயே. “பேரன்தான் கண்டுபிடித்தான். மற்றவை சரியாம்.”

பழைய நிலை முழுவதும் திரும்பிவிட்டது என்று நான் எழுதமாட்டேன். நண்பர் இப்பொழுதும் எனக்கு வரும் சிங்களக் கடிதங்களை வாசித்துச் சொல்லுகிறார். ஆனால் ஒன்றையும் வீட்டுக்குக் கொண்டு போவதில்லை. என் திண்ணையிலேயே மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நான் பக்கத்தில் இருக்க வாசித்து, அங்கேயே என் கையிற் கொடுத்துவிட்டுப் போகிறார். “பையில் வைத்துக்கொண்டு போங்கள், ஆறுதலாகப் பாருங்கள்” என்று இரண்டொரு முறை சொல்லிப் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டே தலையசைத்தார். கடிதத்தை மட்டும் எடுக்கவில்லை. இப்பொழுது நான் கேட்பதில்லை.